ராத்திரியில வீங்குற பெருவிரல்: கவுட்டா, இன்ஃபெக்‌ஷனா, அடியா?

கேள்வி: நைட் நல்லாதான் படுத்தேன், காலைல கால் பெருவிரல் மூட்டு செவந்து வீங்கிக் கிடக்கு, ஊன முடியல. இது என்னவா இருக்கும்?

முதல் சந்தேகம் கவுட்தான், அதாவது யூரிக் ஆசிட் உப்பு மூட்டுல படிகமாப் படிஞ்சு வர்ற வீக்கம். ஆனா காய்ச்சல், நடுக்கம் இருந்தாலோ, சுகர் இருந்தாலோ இன்னைக்கே டாக்டர்ட்ட காட்டிருங்க. மூட்டுக்குள்ள கிருமி போயிருந்தா சில நாள்லயே மூட்டை அரிச்சிரும்.

கோத்தகிரியில எங்க சித்தப்பாவுக்கு இப்படித்தான் வந்துச்சு. டீ தோட்டத்துல வேலை. நடுராத்திரி வலியில எந்திரிச்சவரு, போத்தியிருந்த கம்பளி விரல்ல உரசுனாலே கத்துறாரு. சித்தி அட்டை கடிச்ச இடம்தான் சீழ் புடிச்சிருச்சுன்னு சொன்னாங்க. டாக்டர் விரல் இடுக்கு, நகக்கண்ணு, பித்தவெடிப்பு எல்லாத்தையும் விரிச்சுப் பார்த்தாரு, ஏன்னா தோல் இன்ஃபெக்‌ஷன்னா பெரும்பாலும் கிருமி நுழைஞ்ச புண்ணு எங்கயாவது இருக்கும், செவப்பும் மூட்டோட நிக்காம பாதத்துல பரவிக்கிட்டே போகும். கட்டை ஏதும் விழுந்துச்சான்னும் கேட்டாரு. அடின்னா பட்ட நேரம் ஞாபகம் இருக்கும், வலி அப்பவே ஆரம்பிக்கும், நீலம் பாரிக்கும். ஆனா லேசா இடிச்சதே கவுட்டைக் கிளப்பி விடவும் செய்யும், அதனால இடிச்சேன்னு சொன்னா மட்டும் கவுட் இல்லன்னு ஆயிடாது.

அப்புறம் மாத்திரை கவரை வாங்கிப் பார்த்தாரு. பிபிக்கு, சிறுநீர் அதிகமா போக வைக்கிற மாத்திரை ஒண்ணு இருந்துச்சு, அது யூரிக் ஆசிடை உடம்புலயே தங்க வைக்கும். முந்தின நாள் விசேஷ வீட்டுல கறியும் பீரும் வேற.

யூரிக் ஆசிட் டெஸ்ட்ல 6.1, நார்மல்னு வந்ததும் சித்தி கவுட் இல்லன்னு நிம்மதி ஆயிட்டாங்க. ஆனா வலி உச்சத்துல இருக்கும்போது அந்த அளவு நிறைய பேருக்கு இறங்கித்தான் காட்டும். வலி அடங்கி சில வாரம் கழிச்சு எடுத்தப்ப 8.7. சந்தேகமே இல்லாம சொல்லணும்னா மூட்டுல ஊசி போட்டு நீர் எடுத்து மைக்ராஸ்கோப்ல பார்க்கணும், கவுட்னா ஊசி மாதிரி படிகம் தெரியும், அதே நீர்ல கிருமியும் தேடுவாங்க. கவுட்லயும் லேசா காய்ச்சல் வரும், சில பேருக்கு கவுட்டும் கிருமியும் சேர்ந்தே வரும், அதனால டாக்டருக்கு சந்தேகம் வந்தா ஊசிக்குப் பயந்து வேணாம்னு சொல்லாதீங்க.

பெருவிரலையே ஏன் புடிக்குதுன்னா, யூரிக் ஆசிட் உப்பு குளிர்ல சரியா கரையாது, உடம்புல சில்லுனு கிடக்குற மூட்டுகள்ல பெருவிரல் மூட்டும் ஒண்ணு. நம்ம மலைக் குளிர்ல ராத்திரி சாக்ஸ் போட்டுப் படுக்குறது நல்லது.

இப்போதைக்கு காலைத் தலகாணி மேல தூக்கி வைங்க, குளிர் ஆகாதுன்னு சொன்னாலும் வீங்கிக் கிடக்கும்போது வலி அடங்க துணியில சுத்துன ஐஸ் கொஞ்ச நேரம் வைக்கலாம், தைலம் போட்டுத் தேய்க்க வேணாம். கிட்னி பிரச்சனையோ வயித்துப் புண்ணோ இருந்தா கடையில வலி மாத்திரை வாங்கிப் போடாதீங்க. பிபி மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க, மாத்தித் தரச் சொல்லி டாக்டர்ட்ட கேளுங்க.