எந்திரிச்சு போன குரங்கு

அக்கா, போன வாரம் அழகர்கோவில் படியில ரெண்டு பெண் குரங்கு ரொம்ப நேரமா மாத்தி மாத்தி பேன் பார்த்துட்டு இருந்துச்சு. மூணாவதா ஒண்ணு வந்துச்சு, உடனே ஒண்ணு எந்திரிச்சு போயிடுச்சு. அவ்வளவு பேனா இருக்கும்? இல்ல பெரிய குரங்குக்கு காக்கா பிடிக்குதா? குரங்குக்கு பொரி போடலாமா?
- செந்தில், மேலூர்

செந்தில், பொரி போடாதீங்க. பேனும் ஈரும் எடுக்குறது நிஜம்தான், ஆனா அதுக்கு இவ்வளவு நேரம் வேண்டாம்.

எந்திரிச்சு போனது எதுன்னு கவனிச்சீங்களா? அதத்தான் நானும் ரொம்ப நாளா யோசிச்சிட்டிருக்கேன். நம்மூர் நாட்டுக் குரங்கைப் பத்தி குரங்கு ஆராய்ச்சியாளர் அனிந்திய சின்ஹா 1998-ல எழுதினார். ரெண்டு பேர் பேன் பார்த்துட்டு இருக்கும்போது ரெண்டு பேருக்கும் ரேங்க்ல மேல உள்ளவ வந்தா, பெரும்பாலும் அந்த ரெண்டுல கீழ உள்ளவதான் போவா. வந்தவ தனக்கு மேலன்னு ரெண்டு பேருக்குமே தெரியும், அது மட்டும் தெரிஞ்சா பத்தாது, பக்கத்துல உக்காந்திருக்கவளும் நானும் எந்த இடம்னு தெரிஞ்சாதான் நான் போகணுமா அவ போகணுமான்னு முடிவு பண்ண முடியும்.

எல்லாருக்கும் மேல உள்ளவ முதுகுதான் வேணும். பக்கத்துல விட்டா சாப்பாட்டுல பொறுத்துப்பா, சண்டைல துணைக்கு வருவா. ஆனா அவகிட்ட போக போட்டி ஜாஸ்தி, அதனால கீழ உள்ளவ தனக்கு ஒட்டின ரேங்க்ல உள்ளவளோட நிறுத்திக்கிறா. ராபர்ட் சைஃபார்த்ங்கிற ஆராய்ச்சியாளர் 1977-ல சொன்ன கணக்கு இது. அம்மா, பொண்ணு, அக்கா தங்கச்சின்னா இந்தக் கணக்கையும் தாண்டி பேன் பார்த்துக்குவாங்க.

காக்கா பிடிக்குதுன்னு எழுதுனீங்களே, அது எனக்குப் பிடிக்கல செந்தில். தென்னாப்பிரிக்கால லாஸ்கோப் அணைப் பக்கம் வெர்வெட் குரங்குக் கூட்டத்துல, கீழ இருந்த ஒருத்தியால மட்டுமே திறக்க முடியுற மாதிரி ஆப்பிள் பெட்டி வச்சாங்க. அவ திறந்தா எல்லாரும் சாப்பிடலாம். அதுக்கப்புறம் அவளுக்கு பேன் பார்க்க ஆள் கூடிச்சு. ரெண்டாவதா இன்னொருத்திக்கும் வேற பெட்டி திறக்க வந்ததும் முதல் ஆளுக்குக் கிடைச்சது குறைஞ்சுடுச்சு. 2009-ல வந்த ஆய்வு. யார்கிட்ட என்ன கிடைக்கும், அது வேற எங்க கிடைக்கும்னு பார்த்து கொடுக்குற விலை அது, அதைப் போய் கேவலமா பேசாதீங்க.

எங்க ஆச்சி பெரிய வீட்டம்மாவுக்கு மத்தியானம் பேன் பார்க்கப் போகும். மூணு மணி நேரம் தரையில உக்காந்து, தலைய மடியில வச்சு, ஈரு குச்சியால வகிடு வகிடா பிரிச்சு. கூலி கிடையாது. ஆனா தண்ணியில்லாத வருஷம் அந்த வீட்டுக் கிணத்துல எங்க குடம் மட்டும் முதல்ல நிரம்பும். ஆச்சி பார்த்துட்டு இருக்கும்போது அந்தம்மாவோட நாத்தனார் வந்து உக்காந்தா, யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க, ஆச்சி குச்சியக் கீழ வச்சிட்டு எந்திரிச்சுடும். வீட்டுக்கு வந்ததும் என் தலைய இழுத்து மடியில போட்டுக்கும்.