இரண்டு எழுத்து வந்திருக்கிறது, என்ன பதில் போடுவது?

வணக்கம். பம்பிள் டேட்டிங் செயலியில் ஒருவரோடு மேட்ச் ஆகியிருக்கிறது. அவர் ப்ரொஃபைலில் இப்படி ஒரு வரி: "பழைய வால்வு ரேடியோக்களைச் சரிசெய்வேன். மூன்று பேசிவிட்டன, நான்காவது இன்னும் பேசவில்லை." சைகை மொழி கற்றுக்கொள்வதாகவும் போட்டிருக்கிறார். ஆனால் எனக்கு அனுப்பிய முதல் செய்தி வெறும் "ஹேய்". போன மாதம் இதேபோல் இன்னொருவரிடமிருந்து வந்தபோது "ஹேய், என்ன பண்றீங்க?" என்று கேட்டேன். "சும்மாதான்" என்று வந்தது, அதோடு சரி. இந்த முறை "உங்க ப்ரொஃபைல் ரொம்ப சுவாரசியமா இருக்கு, உங்களைப் பத்தி இன்னும் சொல்லுங்க" என்று எழுதி வைத்துவிட்டு அனுப்பாமல் இருக்கிறேன். அக்கறை இருந்தால் இவ்வளவு எழுதத் தெரிந்தவர் இரண்டு எழுத்தோடு நிறுத்துவாரா? பதில் போட இன்னும் பதினெட்டு மணி நேரம் இருக்கிறது.

பெயர் வேண்டாம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கெடு முடிவதற்குள் இரண்டு வரியில் மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். அந்த இரண்டு வரிக்குப் பின்னால் இருப்பதை இங்கே விரிவாக எழுதுகிறேன், இதே இடத்தில் பலர் சிக்கி நிற்பதை அறிவேன் என்பதால்.

முதலில் அந்தக் கெடுவைப் பற்றி. உங்களுக்கு இருப்பதைப் போல அவருக்கும் ஒரு கெடு இருந்திருக்கும். பம்பிள் 2014-ல் வந்தபோதே ஆண்-பெண் மேட்ச் என்றால் பெண்தான் முதலில் பேச வேண்டும், அதுவும் 24 மணி நேரத்துக்குள் பேச வேண்டும் என்று வைத்திருந்தார்கள். தவறினால் மேட்ச் மறைந்துவிடும். என் தோழி ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து இதைச் செய்ததை ஒருமுறை பார்த்தேன். எதிராளியின் படத்தைச் சுற்றி, மிச்ச நேரத்தைக் காட்டும் வளையம் ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது. நான்கு வரி அடித்தாள். படித்துப் பார்த்தாள். மூன்றாவது வரியை அழித்தாள், பிறகு முதல் வரியை, பிறகு எல்லாவற்றையும். கடைசியில் "ஹேய்" என்று போட்டு அனுப்பிவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்தாள். அவளுக்கு அந்த ஆளைப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததால்தான் நான்கு வரியும் சரியில்லை என்று பட்டது.

எல்லா ஹேயும் இப்படி வருவதில்லை. வரிசையாக இருபது பேருக்கு அதையே அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். நான் சொல்ல வருவது, அந்த இரண்டு எழுத்தை மட்டும் பார்த்து இருவரில் யார் என்று கண்டுபிடிக்க முடியாது. உங்கள் முதல் பதிலுக்கு அவர் என்ன செய்கிறார் என்பதில்தான் அது தெரியும். ஆகவே அக்கறை உண்டா இல்லையா என்ற கேள்வியை ஒரு நாள் தள்ளி வையுங்கள்.

இப்போது ஹேய் என்பது என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். உரையாடல்களை ஆராய்ந்த சமூகவியலாளர் இமானுவேல் ஷெக்லாஃப் 1968-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். காவல்துறைக்கு வந்த ஏறத்தாழ 500 தொலைபேசி அழைப்புகளின் தொடக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, யார் முதலில் பேசுகிறார்கள் என்று பார்த்தார். எடுப்பவர்தான் முதலில் பேசுகிறார் என்ற விதிக்கு எல்லாம் பொருந்தின, ஒன்றே ஒன்று தவிர. அதில் போனை எடுத்த பிறகும் மறுமுனை மௌனமாக இருந்தது, அழைத்தவரே முதலில் "ஹலோ" என்றார். அந்த ஒன்றை ஒதுக்கிவிடாமல் அதையும் சேர்த்து விளக்கப் பார்த்தபோதுதான் அவருக்கு விஷயம் பிடிபட்டது. போன் மணியே முதல் பேச்சு. மணி அடிப்பது கூப்பிடுவது, "ஹலோ" என்பது அதற்குப் பதில். பதில் வராததால் அழைத்தவர் இன்னொரு முறை கூப்பிட்டிருக்கிறார், அவ்வளவுதான். இதில் இன்னொரு பிணைப்பும் உண்டு: கூப்பிட்டவருக்குப் பதில் கிடைத்துவிட்டால், எதற்குக் கூப்பிட்டோம் என்று சொல்லும் பொறுப்பு அவருடையது.

ஹேய் என்பது அந்த மணி. அதில் விஷயம் இல்லையே என்று வருத்தப்படுவது, மணிச்சத்தத்தில் சேதி இல்லையே என்பதைப் போல. நீங்களும் பதிலுக்கு "ஹேய்" என்று மட்டும் போட்டால் அது முறைப்படி சரியான பதில்தான், விஷயத்தைச் சொல்லும் பொறுப்பு அவரிடம் திரும்பிவிடும். போனில் இது நடக்கும், ஏனென்றால் இரண்டு பேரும் காதில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள், இரண்டு விநாடி மௌனம்கூட உறுத்தும். எழுத்தில் அந்த உறுத்தல் இல்லை. உங்கள் ஹேய் போய்ச் சேரும்போது அவர் சமையலறையில் இருப்பார், வண்டியில் இருப்பார், மூன்று மணி நேரம் கழித்துப் பார்ப்பார். அதற்குள் பொறுப்பு யாருடையது என்பதே கரைந்துபோகும். போன மாதத்துப் பேச்சு அப்படித்தான் செத்தது. அந்தப் பெண் "சும்மாதான்" என்றது உங்களை விரட்டுவதற்காக இருக்க வேண்டியதில்லை. "என்ன பண்றீங்க" என்பதற்கு நம் வாயில் தயாராக இருக்கும் பதில் அது. வீட்டில் தொலைபேசியில் "அப்புறம்?" "நீதான் சொல்லணும்" என்று மாற்றி மாற்றித் தள்ளிக்கொள்வோமே, அதேதான்.

என்ன விசேஷம் என்று கேட்கும் "சப்" வந்தாலும் கிட்டத்தட்ட இதே கதை, ஒரு வித்தியாசத்தோடு. அது கேள்வி வடிவில் இருப்பதால் "ஒண்ணுமில்ல, நீங்க?" என்று கை தானாக அடித்துவிடும். அதை மட்டும் தடுத்துவிடுங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். மணிக்குப் பதில் சொல்லுங்கள், அதே மூச்சில் அவர் சொல்லாமல் விட்ட விஷயத்தை நீங்களே எடுத்து வையுங்கள். அதை எங்கும் தேட வேண்டாம், ப்ரொஃபைலில் அவரே எழுதி வைத்திருக்கிறார். (ஹிஞ்ச் மாதிரியான செயலிகளில் ஒரு குறிப்பிட்ட படத்தையோ பதிலையோ தொட்டு லைக் அனுப்பலாம். அங்கே ஹேய் வந்தால், உங்களுடைய எதைத் தொட்டுவிட்டு வந்திருக்கிறது என்று பாருங்கள். அந்த விஷயத்தை அவர் ஏற்கெனவே தேர்ந்தெடுத்துவிட்டார்.)

உங்கள் வரைவு ஏன் வேலை செய்யாது? "ரொம்ப சுவாரசியமா இருக்கு" என்பதற்கு "நன்றி" என்பதைத் தவிர சொல்ல ஒன்றுமில்லை. "உங்களைப் பத்தி இன்னும் சொல்லுங்க" என்பது அதைவிடக் கஷ்டம். கட்டைவிரலால் கட்டுரை எழுதச் சொல்கிறீர்கள். தவிர, அந்த வாக்கியத்தை யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். அந்த வகையில் அவர் அனுப்பிய ஹேய்க்கும் உங்கள் வரைவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

சைகை மொழியை இப்போதைக்கு விடுங்கள். "எதுக்குக் கத்துக்கிறீங்க?" என்றுதான் கேட்க வரும், காரணம் வீட்டில் ஒருவருக்குக் காது கேட்காமல் போனதாகக்கூட இருக்கலாம். முதல் செய்தியில் அதைக் கிளறக் கூடாது. ரேடியோவிலும் "எப்படிச் சரிசெய்வீங்க?" என்பது அகலமான கேள்வி. ப்ரொஃபைலில் முடியாமல் நிற்கும் இடம் ஒன்று இருக்கிறதா என்று தேடுங்கள். அவர் விஷயத்தில் அது அந்த நான்காவது ரேடியோ. மனசு அங்கேதான் மாட்டிக்கொண்டிருக்கும், இல்லாவிட்டால் அதைக் குறிப்பிட்டிருக்க மாட்டார். நான் உங்களுக்கு அனுப்பியது இது:

"ஹேய். அந்த நாலாவது ரேடியோ சுத்தமா ஊமையா, இல்ல ஏதாவது சத்தமாவது வருதா? எங்க தாத்தாவோடது ஒண்ணு இருந்துச்சு, பக்கவாட்டுல தட்டினாதான் பாடும்."

கேள்வி ஒன்றுதான், ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஊமையா சத்தமா என்று கேட்பது ரேடியோவைப் பழுதுபார்ப்பவர் தானே முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி, ஆகவே அவருக்கு அது பழகிய இடம். கடைசி வாக்கியம் உங்களைப் பற்றிய சிறு தகவல், அவர் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி. தாத்தாவிடம் ரேடியோ இருந்ததில்லை என்றால் அதைப் போடாதீர்கள், உண்மையான வேறொன்றைப் போடுங்கள். அவருடைய ஹேயைக் குத்திக்காட்டும் ஒரு சொல்கூட இதில் இல்லை என்பதையும் கவனியுங்கள். "ஹேய் மட்டும்தானா?" என்று கேட்டால், அவர் முதல் பதிலிலேயே மன்னிப்புக் கேட்கவோ சண்டைக்கு நிற்கவோ வேண்டியிருக்கும்.

இனி வரும் பதிலைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம். "ஊமை இல்ல, ஆன் பண்ணா உம்முனு ஒரே இரைச்சல். கெபாசிட்டர் காஞ்சு போயிருக்கு, மாத்தணும். உங்க தாத்தாவோடதுல எங்கயோ சால்டரிங் விட்டிருக்கும், அதான் தட்டினா பாடிருக்கு" என்று வந்தால் ஹேயை மறந்துவிடுங்கள். கேள்விக்குறி ஒன்றுகூட அதில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. உங்கள் தாத்தாவின் ரேடியோவை அவர் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறார், உங்கள் வாக்கியத்தைப் படித்திருக்கிறார்.

"ஆமா, இரைச்சல்தான்" என்று மட்டும் வந்தால் அது கூச்சமாகவும் இருக்கலாம், அவசரமாகவும் இருக்கலாம். இங்கே பலர் அடுத்த கேள்வியைக் கேட்டுவிடுகிறார்கள், மூன்றாவது கேள்வியில் பேச்சு நேர்காணலாக மாறிவிடுகிறது. அடுத்த முறை கேள்வி வேண்டாம், ஒரு தகவலை மட்டும் வைத்துவிட்டு நிறுத்துங்கள்: "தாத்தாவோடது கடைசில பரண்ல போய்ச் சேர்ந்துடுச்சு. அத இன்னும் யாரும் தூக்கிப் போடல." வேண்டுமானால் அதைத் தொட்டு அவர் பேசலாம்.

"ஹாஹா. அப்புறம்?" என்று வந்தால் நீங்கள் வைத்த விஷயத்தைத் தாண்டிப் போய்விட்டார் என்று பொருள். வேண்டுமானால் இன்னும் ஒருமுறை, வேறொரு விஷயத்தை வையுங்கள். அதையும் தாண்டிப் போனால் விட்டுவிடலாம். மூன்றாவது முறையும் நீங்களே விஷயம் தேடிக்கொடுத்தால், சந்திக்கும் நாளிலும் நீங்கள்தான் பேசிக்கொண்டிருப்பீர்கள்.

இன்னொன்றும் நடக்கக்கூடும். ரேடியோவைப் பற்றிக் கேட்டால் "ஓ, அது சும்மா போட்டது" என்று வரலாம். அந்த வரியை வேறு யாராவது எழுதிக் கொடுத்திருப்பார்கள், அல்லது எங்கிருந்தோ எடுத்திருப்பார். அப்போது, உங்களுக்குப் பிடித்தது அந்த ஆளையா அந்த வரியையா என்று நீங்கள்தான் யோசிக்க வேண்டும். கேட்டதற்குப் பதிலே இல்லாமல் உடனே வேறு செயலிக்கு வரச் சொன்னாலோ, பணப் பேச்சு எடுத்தாலோ, அங்கேயே நிறுத்திவிட்டு ரிப்போர்ட் செய்துவிடுங்கள்.

எனக்கு அனுப்பிய மின்னஞ்சலில் அவரது வரியை நீங்கள் ஒரு எழுத்து மாறாமல் எழுதியிருந்தீர்கள், மூன்று பேசிவிட்டன, நான்காவது இன்னும் பேசவில்லை என்று. அது உங்களுக்கு மனப்பாடம் ஆகியிருக்கிறது. பேச்சு நன்றாகப் போனால், நாலைந்து நாள் கழித்து அதை அவரிடம் சொல்லுங்கள்.