பகல் படத்தில் அந்திச் சூரியன்: மூக்கு கரையாமல் நிழலுரு செய்வது எப்படி?

கேள்வி: பகலில் எடுத்த என் மனைவியின் படத்தை அந்தி வானத்துக்கு முன்னால் கருப்பு உருவமாக மாற்றினேன். "யாருங்க இது?" என்று அவரே கேட்கிறார். எங்கே தவறு?

படத்தைத் தேர்ந்தெடுத்ததிலேயே. நீங்கள் அனுப்பியிருக்கும் படத்தில் அவர் கேமராவை முக்கால்வாசி பார்க்கிறார். மூக்கு கன்னத்துக்கு உள்ளேயே விழுந்திருக்கிறது. கருப்படித்ததும் மூக்கும் உதடும் கன்னத்தோடு ஒன்றாகிவிட, மிஞ்சுவது ஒரு உருண்டை.

சில்ஹவுட் எனப்படும் இந்த நிழலுருவில் கண் இல்லை, நிறம் இல்லை, சிரிப்புகூட இல்லை. ஆளை அடையாளம் காட்டுவது நெற்றியிலிருந்து கழுத்து வரை ஓடும் ஒரே ஒரு கோடு. 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் விளக்கு நிழலைப் பார்த்துக் காகிதத்தில் முகம் வெட்டியவர்கள் பக்கவாட்டு முகத்தையே வெட்டியதற்கும் இதுதான் காரணம்.

படத்தில் இரண்டாவது கண்ணின் இமைமுடி தெரிந்தாலே எச்சரிக்கையாக இருங்கள். வானத்தைத் தேடுவதற்கு முன் ஆளை மட்டும் வெட்டி, வெள்ளைப் பின்னணியில் கருப்படித்து, வீட்டில் யாரிடமாவது காட்டுங்கள். அவர்கள் பெயரைச் சொல்லாவிட்டால் எந்த வானமும் காப்பாற்றாது. கூந்தல் கழுத்தை மறைக்காத, மோவாய் சற்றே தூக்கிய, உதடுகள் லேசாகப் பிரிந்த படம் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

கேள்வி: சரியான பக்கவாட்டுப் படம்தான். மொட்டை மாடியில் நண்பகலில் எடுத்தது, பின்னால் வெளிறிய வானம். போட்டோஷாப்பில் Select Subject கொடுத்தால் தலையும் தோளும் அழகாக வருகின்றன. அப்பாவின் மூக்கு மட்டும் மழுங்கிவிடுகிறது.

நண்பகல் வெயில் மேலிருந்து விழுவதால் நெற்றியும் மூக்குத் தண்டும் பளபளத்து, வெளிறிய வானத்தோடு கலந்துவிட்டன. தானியங்கித் தேர்வுக்கு அங்கே எல்லையே தெரியவில்லை. உத்தேசமாக ஒரு வளைவைப் போட்டுவிடுகிறது. Select and Mask-ல் Smooth-ஐ ஏற்றியிருந்தால் மிச்சமிருந்த மேடு பள்ளமும் வழுக்கையாகிவிடும். அதைச் சுழியத்திலேயே வையுங்கள்.

முகத்தின் முன்கோட்டை மட்டும் பென் டூலால் கையால் வரையுங்கள். வரைவதற்கு முன் Channels பகுதியில் Blue-வை மட்டும் சொடுக்குங்கள். படம் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். தோல் நீல ஒளியைக் குறைவாகத் திருப்பும், வானம் அதிகமாகத் தரும். எனவே சாதாரணப் பார்வையில் கரைந்துபோன மூக்கு, நீலச் சேனலில் வெளிர் வானத்துக்கு முன்னால் சாம்பலாக எழுந்து நிற்கும். உங்கள் அப்பாவின் படத்தில் இப்படிப் பார்த்தபோது மூக்குத் தண்டின் நடுவில் ஒரு சிறு மேடு தெரிந்தது. தானியங்கித் தேர்வு அதைத்தான் தின்றிருக்கிறது. அவரை அவராகக் காட்டுவதும் அதுதான்.

200 சதவீதம் பெரிதாக்கிக்கொண்டு, கோடு திரும்பும் இடங்களில் மட்டும் புள்ளி வையுங்கள்: புருவ மேடு, மூக்கு தொடங்கும் பள்ளம், தண்டின் மேடு, நுனி, மூக்கின் அடி, மேலுதடு, உதடுகள் சேருமிடம், கீழுதடு, அதன்கீழ் உள்ள பள்ளம், மோவாய். இடையில் கூடுதலாகப் புள்ளிகளைத் தெளித்தால் கோடு நடுங்கும். பாதையைத் தேர்வாக்கி, தானியங்கித் தேர்வு தந்த மாஸ்கில், அதாவது ஆளை மட்டும் காட்டிப் பின்னணியை மறைக்கும் வடிவத்தில், முகப்பகுதியை மட்டும் அதைக் கொண்டு திருத்துங்கள். ஓரத்தை மென்மையாக்கும் ஃபெதர் அரை பிக்சல் போதும். தலைமுடியைப் பென் டூலால் வெட்டாதீர்கள். அதற்கு Refine Edge Brush இருக்கிறது.

மூன்று சேனல்களிலும் அந்த இடம் வெந்து வெண்மையாகியிருந்தால் எல்லை படத்திலேயே இல்லை என்று அர்த்தம். அவருடைய வேறொரு பக்கவாட்டுப் படத்தைப் பக்கத்தில் வைத்து வரைவதுதான் வழி.

கேள்வி: பிரைட்னஸைக் குறைத்துக் கருப்பாக்கினேன். முடியைச் சுற்றி வெள்ளைக் கோடு ஒளிவட்டம்போல் நிற்கிறது. சட்டையும் சாம்பலாகத் தெரிகிறது.

குறைக்க வேண்டாம், மூடுங்கள். முடி ஓரத்துப் பிக்சல்களில் பகல் வானத்தின் வெண்மை கலந்திருக்கிறது. எவ்வளவு குறைத்தாலும் அது சுற்றியிருப்பதைவிட வெளிறியே நிற்கும். ஆள் இருக்கும் லேயருக்கு மேல் ஒரு Solid Color லேயர் போட்டு, கீழ் லேயரோடு கிளிப் செய்யுங்கள். நிறம் முழுக் கருப்பு வேண்டாம். R 20, G 12, B 10 போல ஆழ்ந்த பழுப்பு, அந்தி ஒளியோடு ஒட்டும். இனி முடி ஓரத்தின் பழைய நிறம் வெளியே தெரிய வழியில்லை, மாஸ்கின் வடிவம் மட்டுமே பேசும்.

சிலர் "கொஞ்சம் விவரம் தெரியட்டும்" என்று இந்த லேயரின் ஒபாசிட்டியைக் குறைப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தெரியப்போவது மூக்கின் கீழும் கண்குழியிலும் விழுந்த நண்பகல் நிழல். பின்னால் சூரியன் இருக்க, முகத்தில் உச்சி வெயில் எப்படி வந்தது? வெள்ளைச் சட்டை என்றால் இன்னும் மோசம்.

கேள்வி: மெரினாவில் எடுத்த படம். கடலில் சூரியன் மறைவதுபோல் வைக்கலாமா? சூரியனை எங்கே, எவ்வளவு பெரிதாக வைப்பது?

மெரினா கிழக்கே பார்த்தது. அங்கே கடலில் சூரியன் உதிக்கும், மறையாது. சென்னைக்காரர்கள் சிரிப்பார்கள். கலங்கரை விளக்கம்போல் இடத்தைக் காட்டிக்கொடுப்பது ஏதும் இல்லையென்றால் கன்னியாகுமரி, கொழும்பு காலிமுகத்திடல் போன்ற இடங்களின் வானத்தைப் பயன்படுத்துங்கள்.

சூரியனை மூக்குக்கு நேரே வைக்கத்தான் கை போகும். வைக்காதீர்கள். உண்மையான படத்திலும் சூரிய வட்டத்தின் கூச்சம் பக்கத்திலுள்ள விளிம்பை அரித்துவிடும். அரிபடுவது மூக்கு நுனியாக இருந்தால் பட்டபாடெல்லாம் வீண். வட்டத்தைக் கொண்டைக்கோ பின்கழுத்துக்கோ பின்னால் மறைத்துவிட்டு, வானத்தின் மிக வெளிச்சமான பட்டை நெற்றிக்கும் மோவாய்க்கும் பின்னால் வருமாறு நகர்த்துங்கள். முடி ஓரத்தில் மட்டும் மெல்லிய ஆரஞ்சு ஒளியை Screen முறையில் தடவலாம். முகக்கோட்டில் வேண்டாம்.

வட்டம் தெரியத்தான் வேண்டும் என்றால் அளவைக் கவனியுங்கள். வானத்தில் சூரியனின் அகலம் சுமார் அரை டிகிரிதான். முழுச்சட்ட கேமராவில் 85 எம்எம் லென்ஸால் நெட்டுவாக்கில் எடுத்த படத்தில் அது படத்தின் அகலத்தில் ஏறத்தாழ 30-ல் 1 பங்கு. செல்போனின் வழக்கமான கேமராவில் 100-ல் 1 பங்குதான். தலை அளவுக்குச் சூரியன் வைத்தால் நாடகத் திரைச்சீலைபோல் இருக்கும்.

இன்னொன்று: கேமரா ஆளின் கண் உயரத்தில் இருந்திருந்தால் அடிவானமும் கண் உயரத்திலேதான் வரும். அதற்குக் கீழே மரமோ மலையோ இருட்டாக இருந்தால் வாயும் மோவாயும் அதில் மூழ்கிவிடும். எனவேதான் கீழே ஒளி மின்னும் நீர்ப்பரப்பு வசதி. அல்லது இடுப்பு உயரத்திலிருந்து அண்ணாந்து எடுத்த படம் வேண்டும். அதில் முகம் முழுக்க வானத்தில் நிற்கும்.

கேள்வி: வானத்துக்கு ஏற்ப ஆளை இடவலமாகத் திருப்பலாமா?

முகம் மட்டுமென்றால் தாராளமாக. சேலை இடுப்புவரை தெரிந்தால் முந்தானை வலத்தோளுக்குப் போய்விடும்; பார்ப்பவர்களில் ஒருவராவது கண்டுபிடிப்பார். ஆளை விட்டுவிட்டு வானத்தைத் திருப்புங்கள்.

கேள்வி: மூக்குக்கண்ணாடி, ஜிமிக்கி, தாடி?

கண்ணாடிச் சட்டத்தைக் கருப்பாக விட்டு, முகத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் வில்லைப் பகுதியை மட்டும் மாஸ்கில் முக்கால்வாசி திறந்தால் வானம் அதன் வழியே தெரியும். அது அடைபட்டால் நெற்றியில் ஏதோ கட்டி முளைத்ததுபோல் இருக்கும். பக்கவாட்டில் ஜிமிக்கி கழுத்தின்மேல் விழுவதால் பெரும்பாலும் காணாமல் போகும், மூக்குத்தியும் அப்படியே. கொண்டையும் அதில் வைத்த பூச்சரமும் நன்றாகப் பேசும். அடர்ந்த தாடி மோவாயை விழுங்கிவிடும், ஆனால் தாடியே அவருடைய அடையாளம் என்றால் அதன் ஓர மயிர்களை மழிக்காமல் மாஸ்கில் விட்டுவையுங்கள்.