"ஓனர்ஷிப் பத்தாது" என்ற ஒரு வரியை அப்ரைசல் கமெண்டாக மாற்றுவது

கேள்வி: ஒரு ஊழியரைப் பற்றி "பையன் நல்லாதான் பண்றான், ஆனா ஓனர்ஷிப் பத்தாது" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஃபார்மில் கமெண்டை என்னையே எழுதச் சொல்கிறார் மேனேஜர். எப்படி எழுதுவது?

உடனே எழுத உட்காராதீர்கள். 'ஓனர்ஷிப்' என்ற சொல்லுக்குள் பல குறைகள் ஒளிந்திருக்கும். தாமதத்தை முன்கூட்டிச் சொல்லாதது, சொன்னதை மட்டும் செய்வது, வேலையைக் கைமாற்றியபின் முடிந்ததா என்று பார்க்காதது, இவை மூன்றும் வெவ்வேறு. திருத்தும் வழியும் வேறு. அதனால் மேனேஜரிடம், "இப்படித் தோன்றிய கடைசிச் சம்பவம் எது? அதனால் யாருக்கு என்ன ஆனது? அவர் என்ன செய்திருக்கலாம்?" என்று கேளுங்கள். பத்து நிமிடம் போதும்.

ஒரு டெவலப்பர் என்று வைத்துக்கொள்வோம். மேனேஜரின் பதில்: "ரிலீஸ் தள்ளிப்போகும்னு கடைசி நாள் சாயங்காலம்தான் சொல்றான். எப்பவும் இதே கதை." இந்த 'எப்பவும்' என்பதை அப்படியே எழுதினால், சொன்ன நேரத்தில் முடித்த ஒரே ஒரு ரிலீஸைக் காட்டி அவர் மொத்தக் கமெண்டையும் மறுத்துவிடலாம். நம் நினைவில் கடைசி மாதம்தான் பெரிதாக நிற்கும். எனவே ஜிராவையும் மெயிலையும் திறந்து எண்ணிப் பாருங்கள். மூன்று ரிலீஸில் இரண்டு என்று வருகிறது. அதில் ஒன்று, கிளையன்ட் கடைசி வாரத்தில் கேட்ட மாற்றத்தால் தள்ளிப்போனது. ஆகவே தாமதத்தை அவர் தலையில் கட்ட முடியாது. தாமதமாகச் சொன்னதை மட்டுமே எழுத முடியும். இப்போது எழுதலாம்:

"ஜூலை–செப்டம்பரில் நடந்த மூன்று ரிலீஸ்களில் இரண்டில், கெடு தள்ளும் என்பதைக் கடைசி நாள் மாலையில்தான் தெரிவித்தார். இதனால் டெஸ்டிங் டீம் இரண்டு சனிக்கிழமைகள் வேலை செய்ய நேர்ந்தது. அடுத்த காலாண்டில், தாமதம் வரும் எனத் தெரிந்த அன்றே, புதிய தேதியுடன் டீம் லீடுக்குத் தெரிவிக்க வேண்டும்."

"நல்லாதான் பண்றான்" என்பதையும் இதே மாதிரி துருவிக் கேட்க வேண்டும். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். குறையைத் தேதி போட்டு எழுதிவிட்டு, நிறையை 'கடின உழைப்பாளி' என்று முடித்தால், படிப்பவருக்கு அந்தப் பாராட்டு ஒப்புக்குச் சொன்னதாகவே படும். "பேமென்ட் பகுதியில் சரிசெய்து மூடிய 14 புகார்களில் 12 மீண்டும் திறக்கப்படவில்லை" என்பதுதான் பாராட்டு.

'அலட்சியம்', 'ஆட்டிட்யூட்' போன்ற சொற்களை வெட்டிவிடுங்கள். அவை ஆளைப் பற்றிய தீர்ப்பு. கண்ணால் பார்த்த செயல் அல்ல. மேனேஜரால் ஒரு சம்பவம்கூடச் சொல்ல முடியாத குறையை நீங்களாக இட்டுக்கட்டி நிரப்பாதீர்கள், அந்த வரியே வேண்டாம்.

கடைசியாக ரேட்டிங்கைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். கமெண்ட் முழுக்கப் பாராட்டாக இருந்து ரேட்டிங் ஐந்துக்கு இரண்டு என்றால், ஏதோ ஒன்று தவறு. அதை மேனேஜரிடம் கேட்டுத் தீர்த்த பிறகே ஃபார்மை அனுப்புங்கள்.