ஸ்டோரில் எதை அடிக்கடி எண்ணுவது?

"எங்கள் பம்ப்செட் பட்டறை ஸ்டோரில் நிறைய ஐட்டம். எல்லாவற்றையும் வாராவாரம் எண்ண முடியவில்லை. ஏ, பி, சி என்று எப்படிப் பிரிப்பது?"

ஒவ்வொரு ஐட்டத்துக்கும் ஓராண்டில் செலவான எண்ணிக்கையை அதன் விலையால் பெருக்குங்கள். விலையை மட்டும் பார்த்துப் பிரிப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. ₹120 பேரிங் ஆண்டுக்கு 2,400 போனால் ₹2,88,000. ₹6,000 ஸ்பேர் ஆண்டுக்கு 2 மட்டுமே போனால் ₹12,000. கவனம் கேட்பது பேரிங்தான்.

அப்புறம் பெரிய தொகையிலிருந்து வரிசைப்படுத்திக் கூட்டிக்கொண்டே வாருங்கள். மொத்தத்தில் சுமார் 80% வரை வருபவை ஏ, அடுத்த 15% பி, மீதி சி. கோடு அங்கேயே விழ வேண்டியதில்லை. தொகை சட்டென்று இறங்கும் இடத்தில் வெட்டலாம்.

ஏ-வை வாரம் ஒருமுறை எண்ணி, சிறிய அளவில் அடிக்கடி ஆர்டர் போடுங்கள். பி-க்கு மாதம் ஒருமுறை போதும். சி-யை எண்ணவே வேண்டாம். இரண்டு டப்பா வையுங்கள். ஒன்று காலியானதும் ஆர்டர், சரக்கு வரும்வரை மற்றதிலிருந்து எடுக்கலாம்.

ஆனால் இந்தக் கணக்குக்குப் பணம் மட்டும்தான் தெரியும். ஷாஃப்ட் சீல் சி-யில் விழலாம். அது இல்லாமல் பம்ப் வெளியே போகாது. வந்து சேர நாளாகும் என்றால் அதை நீங்களே பி-க்கு ஏற்றி, கையிருப்பையும் கூட்டி வையுங்கள்.