புடவைப் படங்களில் பிராண்ட் நிறம்: எடிட்டருக்கு என் கடிதம்

"அக்கா, புடவைப் படங்களை உங்க பிராண்ட் நிறத்துக்கு எப்படி மாத்தணும்?"

தம்பி, புடவையைத் தொடாதீங்க. படத்தில் ஒரு நிறம், கையில் ஒரு நிறம்னா புடவை திரும்பி வந்துடும். பின்னணிச் சுவர் மட்டும் நம்ம சந்தன நிறம், `#E8D5B0`.

முதலில் சாம்பல் அட்டையை வைத்து எடுத்த படத்தில் வொயிட் பேலன்ஸைச் சரிபண்ணுங்க. பிறகு போட்டோஷாப்பில் சுவரை மட்டும் செலக்ட் பண்ணி, மேலே `Solid Color` லேயர் போட்டு, பிளெண்ட் மோடை `Color` ஆக்குங்க. சுவரின் நிழல் அப்படியே நிற்கும். ஆனால் அந்த மோடு வெளிச்சத்தை மாற்றாது. சுவர் மங்கலாகத் தெரிந்தால் அதே மாஸ்க்கோடு `Curves`-இல் ஏத்துங்க.

போன தடவை மயில்கழுத்துப் பட்டில் மாஸ்க் முந்தானைக் குஞ்சத்துக்குள் புகுந்து, நூல் நுனியெல்லாம் சந்தனமாகிவிட்டது. 200% பெரிதாக்கி, குஞ்சத்தையும் ஜரிகை ஓரத்தையும் பார்த்துட்டு அனுப்புங்க.