தண்ணீர் தெளிவாக இருந்தும் மீன் ஏன் சாகிறது?

"இரண்டடித் தொட்டி வாங்கி நாலு கோல்ட்ஃபிஷ் விட்டேன். பத்து நாளில் இரண்டு செத்துவிட்டன. தண்ணீர் கண்ணாடி மாதிரிதான் இருக்கிறது. வாரம் ஒருமுறை ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் நன்றாகக் கழுவுகிறேன். கழிவு நீரைச் செடிக்கு ஊற்றலாமா?"

ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவுவதை முதலில் நிறுத்துங்கள். உங்கள் தொட்டியை உண்மையில் சுத்தம் செய்வது அதில் ஒட்டி வளரும் பாக்டீரியாக்கள்தான். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அவை செத்துப்போகும்.

உங்கள் தொட்டியில் சுமார் 50 லிட்டர் தண்ணீர் இருக்கும். நாளைக்கு ஒரு கிராம் தீவனம், அதில் 40% புரதம் என்று வைத்துக்கொள்வோம். அதிலுள்ள நைட்ரஜனில் பாதி செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேறினாலே லிட்டருக்கு 0.6 மில்லிகிராம் சேரும். மூன்றே நாளில் 1.8. இதற்கு நிறம் கிடையாது, அதனால் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீரின் பி.எச். 7 என்றால் இதில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவில் இருக்காது. 8 என்றால் இருபதில் ஒரு பங்கு நச்சு, அதுவே மீனுக்கு ஆபத்து. போர்வெல் தண்ணீர் விடுபவர்கள் பி.எச். பார்ப்பது அவசியம்.

நைட்ரோசோமோனாஸ் போன்றவை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதை நைட்ரோஸ்பைரா நைட்ரேட்டாக்கும். இரண்டுமே மெதுவாகப் பெருகுபவை, அதிலும் இரண்டாவது கூட்டம் பிந்தித்தான் வரும். அதனால் அம்மோனியா இறங்கியதும் நைட்ரைட் ஏறும். "இனிமேல் பயமில்லை" என்று நினைக்கும் மூன்றாவது வாரத்தில் மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பதும், செவுள் பழுப்பாவதும் இதனால்தான். புதுத் தொட்டி நிலைப்பட நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும்.

அதுவரை தீவனத்தைப் பாதியாக்குங்கள். நண்பரின் பழைய தொட்டியிலிருந்து ஒரு அழுக்கு ஸ்பாஞ்ச் கிடைத்தால் உங்கள் ஃபில்டரில் செருகுங்கள், கடையில் விற்கும் பாக்டீரியா பாட்டில்களைவிட அதை நான் நம்புவேன். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவோ நைட்ரைட்டோ 0.5-ஐத் தாண்டினால் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். பாக்டீரியா தண்ணீரில் மிதப்பதைவிட ஸ்பாஞ்சிலும் கல்லிலும்தான் அதிகம் குடியிருக்கிறது, ஆகவே தண்ணீர் மாற்றுவதால் பெரிய நஷ்டமில்லை. புதுத் தண்ணீரின் குளோரினை மட்டும் முறித்துவிடுங்கள். ஸ்பாஞ்ச் அடைத்தால், வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே பிழியுங்கள். இரவில் மோட்டாரை நிறுத்தவே வேண்டாம். இந்த வேலைக்கு ஆக்ஸிஜன் நிறைய வேண்டும்.

கழிவு நீரைச் செடிக்குத் தாராளமாக ஊற்றலாம், மீனுக்காகக் கல்லுப்பு போட்ட தண்ணீரைத் தவிர. மண்ணிலும் இதே வகை பாக்டீரியாக்கள் அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அம்மோனியம் களிமண்ணில் ஒட்டிக்கொள்ளும், நைட்ரேட்டோ தண்ணீரோடு ஓடிவிடும். ஆகவே தொட்டிச் செடிக்கு ஒரேயடியாக ஊற்றி அடியில் வழியவிட்டால் சத்தும் போய்விடும். மண் சேறாகத் தேங்கி நின்றாலும் காற்றில்லாமல் இந்த மாற்றம் நின்றுபோகும், இருந்த நைட்ரேட்டும் வாயுவாகிக் கிளம்பிவிடும். மேல்மண் காய்ந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.